அந்த நாலு மணி நேரம் யாருடையது? பெரம்பூர் மில்லில் இருந்து எண்ணூர் ஷிஃப்ட் வரை



"எட்டு மணி நேர வேலை எல்லாம் பழைய கதை. டெக்னாலஜி வளர வளர வேலை நேரம் தானா குறையும். இதுக்கு எதுக்கு சங்கம், எதுக்கு ஸ்ட்ரைக்?" என்று நம்ம பக்கத்து கமெண்டுகளில் அடிக்கடி ஒருத்தர் எழுதுவார். எழுதுபவர் பெரும்பாலும் என்னைப் போல இன்ஜினியரிங் முடித்தவர்தான். அவருக்குப் பதில் சொல்ல சிகாகோ வரைக்கும் போக வேண்டாம். ராயபுரத்தில் இருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கு பெரம்பூர். நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க.

🔴 மின்விளக்கு வந்தது, வேலை நேரம் கூடியது

முதலில் அந்த "தானா குறையும்" கதையைப் பார்த்துடுவோம்.

இந்தியாவில் பஞ்சாலைகள் ஆரம்பித்த காலத்தில் வேலை நேரத்துக்கு ஒரே ஒரு எல்லைதான் இருந்தது. அது சூரியன். வெளிச்சம் இருக்கும் வரை வேலை, இருட்டினால் நிறுத்தம். 1900களின் தொடக்கத்தில் பம்பாய் மில்களுக்கு மின்விளக்கு வந்தது. நம்ம நண்பர் சொல்லும் லாஜிக்படி வேலை நேரம் குறைந்திருக்கணும். நடந்தது தலைகீழ். இருட்டிய பிறகும் இயந்திரம் ஓடலாம் என்றானதும் தினமும் 14 மணி நேரம், அதற்கும் மேல் என்று ஓட்டினார்கள். துணிக்கு நல்ல கிராக்கி இருந்த காலம் அது.

இதன் மீது எழுந்த கண்டனமும் விசாரணைகளும் சேர்ந்துதான் 1911 தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஆண்களுக்கு முதல்முறையாக ஒரு உச்ச வரம்பு வைத்தது அந்தச் சட்டம். எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 12 மணி நேரம். அதுதான் அன்றைய "சீர்திருத்தம்".

இயந்திரம் நேரத்தை மிச்சம் பிடிக்கும், உண்மை. ஆனால் மிச்சமான நேரம் யார் பைக்குப் போகும் என்பதை இயந்திரம் முடிவு பண்ணுவதில்லை. அதை முடிவு பண்ணியது யார் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

🔴 1918: ஒரு சபையில் தொடங்கிய சங்கம்

பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில். நம்ம தாத்தா பாட்டிகளுக்கு "பி அண்ட் சி மில்", "பின்னி மில்". அந்தக் காலத்துச் சென்னையின் மிகப்பெரிய தொழிற்சாலைகள் இவை. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, சூளை பக்கத்துக் குடும்பங்கள் பல இதை நம்பித்தான் பிழைத்தன.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு கூலி ஒரு பிரச்சனை, மேஸ்திரிகள் நடத்தும் விதம் ஒரு பிரச்சனை. இவற்றோடு மதிய உணவு இடைவேளையும் ஒரு பிரச்சனை. அரை மணி நேரம்தான். அவ்வளவு பெரிய மில்லில் இயந்திரத்தை விட்டு நடந்து வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி உள்ளே போய் நிற்கணும். அந்த அரை மணியை இன்னும் கொஞ்சம் நீட்டித் தரச் சொன்னது தொழிலாளர்களின் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. கேட்டது புரட்சி இல்லை. நிம்மதியா ஒரு வாய் சோறு.

மில்லுக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார் என்று ஒரு வியாபாரி. ராமானுஜலு நாயுடு என்று அவருடைய நண்பர். இவர்கள் நடத்திய பக்தி சபைக்குத் தொழிலாளர்கள் வருவார்கள். பஜனையும் சொற்பொழிவும் கேட்க வந்தவர்கள் தங்கள் மில் கஷ்டத்தையும் அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். இவர்கள் இருவரும் பி.பி. வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். அவர் அன்னி பெசன்ட் அம்மையாரோடு இயங்கியவர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர். "தேசபக்தன்" ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

அதற்கு முன்னாடி ஸ்ட்ரைக்கே நடக்கவில்லையா? நடந்தது. கோபம் வந்தால் வெளியே வருவார்கள், பசி வந்தால் உள்ளே போவார்கள். அது வெடித்து அடங்கும் பட்டாசு மாதிரி. சங்கம் கொண்டு வந்த மாற்றம் என்னவென்றால், உறுப்பினர் பட்டியல், சந்தா, நிர்வாகிகள், எழுத்தில் கோரிக்கை. ஸ்ட்ரைக் முடிந்த மறுநாளும் சங்கம் இருக்கும். முதலாளிகளைப் பயமுறுத்தியது ஸ்ட்ரைக்கை விட இந்த "மறுநாளும் இருக்கும்" என்ற விஷயம்தான்.

🔴 1920: வேலை நிறுத்தச் சொன்னது குற்றமா?

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில்லில் தகராறு முற்றி கதவடைப்பு அறிவிக்கப்பட்டது. மாதக்கணக்கில் நீண்டது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர்கள் போயின. ஆனால் சங்கத்தின் கழுத்தைப் பிடித்தது துப்பாக்கி அல்ல, ஒரு சிவில் வழக்கு.

கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாடியா மீதும் மற்ற சங்கத் தலைவர்கள் மீதும் வழக்கு. வாதம் எளிமையானது: "ஒவ்வொரு தொழிலாளியும் எங்களோடு வேலை ஒப்பந்தம் செய்திருக்கிறான். அதை மீறும்படி இவர்கள் தூண்டுகிறார்கள். அதனால் எங்களுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை இவர்களே தரணும்."

இங்கிலாந்தில் இதே மாதிரி வழக்குகளில் இருந்து சங்கங்களைக் காப்பாற்ற 1906-லேயே சட்டம் வந்துவிட்டது. அவர்கள் ஆண்ட இந்தியாவில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. தலைவர்கள் தொழிலாளர்களை வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லக்கூடாது.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. சங்கம் வைக்கலாம், கூட்டம் போடலாம். ஆனால் "வேலைக்குப் போகாதே" என்று சொன்ன நிமிடம் தலைவர் தன் சொத்தை விற்று கம்பெனிக்கு நஷ்டஈடு கட்டும் நிலை. அப்போ அந்தச் சங்கத்தால் என்ன பேரம் பேச முடியும்? 1921 ஜனவரியில் சமரசம் ஆனபோது, வாடியா சங்கத்தை விட்டு விலகுவதும் அதன் ஒரு பகுதியாக இருந்தது.

தோல்விதான். ஆனால் இந்தத் தோல்வி டெல்லி வரைக்கும் கேட்டது. 1921-ல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேணும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். இழுத்தடித்து, 1926-ல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதில் இரண்டு பிரிவுகளை ஞாபகம் வச்சுக்கோங்க. பிரிவு 17: பதிவு பெற்ற சங்கத்தின் நோக்கங்களுக்காக உறுப்பினர்கள் கூடி முடிவெடுத்தால், அதைக் குற்றச் சதி என்று வழக்குப் போட முடியாது. பிரிவு 18: தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதற்காக மட்டும் சங்கத்தின் மீதோ நிர்வாகி மீதோ சிவில் வழக்கு போட முடியாது.

பிரிவு 18-ஐ மறுபடி படிங்க. பெரம்பூர் வழக்கில் கம்பெனி எடுத்த ஆயுதம் எதுவோ, அதையே பெயர் சொல்லிப் பிடுங்கி வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு ஓட்டையும் இருந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்ன அந்தச் சட்டம், நிர்வாகம் அந்தச் சங்கத்தோடு பேசியே ஆகணும் என்று சொல்லவில்லை. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. இது ஏதோ பழைய நுணுக்கம் என்று நினைக்காதீங்க. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்ட்ரைக் செய்தார்களே, அதன் மையக் கோரிக்கை கூலியோடு நின்றதா? எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள், அதோடு பேசு என்பதுதான். நூறு வருஷம் தாண்டியும் அதே கதவைத்தான் தட்டிக்கிட்டு இருக்கோம்.

🔴 1921: நாம மறைக்கக்கூடாத பக்கம்

சங்க வரலாறு எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிடுவாங்க. நாம தாண்ட வேண்டாம்.

1921 ஜூனில் பி அண்ட் சி மில்களில் மறுபடி பெரிய ஸ்ட்ரைக். சாதி இந்துத் தொழிலாளர்களும் இஸ்லாமியத் தொழிலாளர்களும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவ்வளவுதான், தகராறு மில் கேட்டில் இருந்து தெருவுக்கு வந்துவிட்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அடிதடி, துப்பாக்கிச்சூடு, சாவு. நிர்வாகத்துக்கு எதிராக ஆரம்பித்த சண்டை, தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் சண்டையாக மாறியது. அக்டோபரில் ஸ்ட்ரைக் முறிந்தது.

"கருங்காலிகள் காட்டிக் கொடுத்தார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கம் நின்று பாருங்க. ஸ்ட்ரைக் நீண்டால் தாங்க வேண்டியது யார்? சொந்த ஊரில் கொஞ்சம் நிலம், உறவு என்று இருப்பவர் சில மாதம் ஊருக்குப் போய்த் தாக்குப்பிடிக்கலாம். சேரியில் இருப்பவருக்கு அந்த ஊர் கிடையாது. கடன் மட்டும்தான் உண்டு. அதற்கு முந்தைய கதவடைப்பில் பட்டினி கிடந்தது போதும் என்ற நிலை. மில்லுக்குள் தோளோடு தோள் நின்றவர், மில்லுக்கு வெளியே தொட்டால் தீட்டு என்று நடந்துகொண்டால், அவர் கூப்பிடும் ஸ்ட்ரைக்கை ஏன் நம்பணும்? அவர்கள் தரப்பில் நின்று பேசிய எம்.சி. ராஜா போன்றவர்களின் கேள்வி இதுதான். அந்தக் கேள்விக்கு அன்றைய சங்கத்திடம் பதில் இல்லை. அந்தப் பிளவு நிர்வாகத்துக்கும் அரசுக்கும் நல்லா பயன்பட்டது.

பாடம் ஒன்றுதான். ஸ்ட்ரைக்கின் பலம் கேட்டில் நிற்கும் கூட்டத்தின் சத்தத்தில் இல்லை. அந்தக் கூட்டத்திலேயே ரொம்ப ஏழையான ஆள் எத்தனை நாள் அடுப்பு எரிக்க முடியும் என்பதில் இருக்கு. இன்னைக்கு நம்ம தொழிற்சாலைகளில் பர்மனன்ட் ஒரு வரிசை, கான்ட்ராக்ட் ஒரு வரிசை, அப்ரண்டிஸ் ஒரு வரிசை, வடமாநிலத் தொழிலாளி ஒரு வரிசை. முதல் வரிசைக்கு மட்டும் பேசும் சங்கம் 1921-ஐத்தான் மறுபடி எழுதும்.

🔴 72-ல் இருந்து 48 வரை

இப்போ வேலை நேரத்துக்கு வருவோம். 1911 சட்டப்படி ஒரு நாளைக்கு 12 மணி நேரம். வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம்.

1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வாஷிங்டனில் கூடி முதல் உடன்பாட்டை எழுதியது. ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம். ஆனால் இந்தியாவுக்குத் தனிச் சலுகை: வாரத்துக்கு 60. அதாவது சிகாகோவில் 1886-லேயே கேட்ட எட்டு மணி நேரம் நமக்கு இன்னும் தகுதியில்லை என்று அர்த்தம். அந்த 60 மணி நேரம் 1922-ல் இந்தியச் சட்டமானது. ஒரு நாளைக்கு உச்சம் 11 மணி நேரம்.

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஒரே நாளில் இரண்டு கூட்டம். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். மீனவர் சமூகத்தில் பிறந்த அவர் தூக்கிய எட்டு மணி நேரக் கோரிக்கை சட்டமாவதற்கு இன்னும் 23 வருஷம் ஆனது. 1934 சட்டம், வருஷம் முழுக்க ஓடும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி நேரம், நாளைக்கு 10 என்று இறக்கியது. 1946-ல் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது வாரம் 48 ஆனது. சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதி செய்தது: வாரம் 48, நாளைக்கு அதிகபட்சம் 9.

72-ல் இருந்து 48. வாரத்துக்கு 24 மணி நேரம். ஒரு முழு நாளைத் திரும்ப வாங்க 35 வருஷம் ஆகியிருக்கு.

ஏன் தனித்தனியா ஒவ்வொரு மில்லிலும் போராடி வாங்காமல் சட்டம் வரைக்கும் போகணும்? ஒரு மில் முதலாளி மட்டும் நேரத்தைக் குறைத்தால், 12 மணி நேரம் ஓட்டும் பக்கத்து மில் அவனை விட மலிவா துணி விற்கும் என்று அவன் பயப்படுவான். அவன் நல்லவனா கெட்டவனா என்பது இங்கே முக்கியமே இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அந்தப் பயம் போயிடும். அதனால் நேரம் குறைந்த வழி எப்பவும் இதுதான்: சங்கம் அழுத்தம் கொடுக்கும், சட்டம் அதை எல்லாருக்கும் பொதுவாக்கும். சட்டம் இல்லாத சங்கம் ஒரு ஆலையோடு நின்னுடும். சங்கம் இல்லாத சட்டம் நோட்டீஸ் போர்டோடு நின்னுடும்.

🔴 துறைமுகம் சொன்ன இன்னொரு பாடம்

ராயபுரம் பக்கத்து மூத்தவர்களுக்கு இது நல்லா தெரியும். கப்பல் வந்தால்தான் வேலை. காலையில் கேட்டில் கூட்டமா நிற்கணும், மேஸ்திரி கை காட்டும் ஆளுக்கு அன்றைக்குக் கூலி, மற்றவர்கள் வீட்டுக்கு. இப்படிப்பட்ட ஆளிடம் போய் "உனக்கு எட்டு மணி நேரம்தான் வேலை" என்று சொன்னால் சிரிப்பான். வேலையே இல்லாத நாளில் எட்டு என்ன, பன்னிரண்டு என்ன? கிடைத்த நாளில் முடிந்த வரை இழுத்து வேலை பார்க்கத்தான் தோணும்.

துறைமுகத் தொழிலாளர்கள் கேட்டது பதிவு. 1948-ல் வந்த கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் அதற்கு வழி செய்தது. தொழிலாளர்களின் பட்டியல் ஒன்று, முறை வைத்து வேலை, வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை. அதன் கீழ் சென்னைத் துறைமுகத்துக்கும் தனி வாரியம் வந்தது. மேஸ்திரியின் கை காட்டல் போய் பதிவேடு வந்தது.

வேலை நேரத்துக்கு எல்லை வேணும் என்றால் வேலைக்கே ஒரு உறுதி வேணும். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவன் இன்னைக்கு ஓவர்டைமை மறுக்க மாட்டான். மணலி, எண்ணூர், திருவொற்றியூரில் கான்ட்ராக்ட் பாஸ் வச்சிருக்கும் தம்பிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

🔴 அந்த நாலு மணி நேரத்தின் கணக்கு

இப்போ தலைப்புக்கு வரேன். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. 65ஏ என்று ஒரு புதிய பிரிவு. கேட்கும் ஆலைகளுக்கு வேலை நேரம், ஓய்வு, ஓவர்டைம் பற்றிய பிரிவுகளில் இருந்து அரசு விலக்கு தரலாம் என்றது. 12 மணி நேரம் வீதம் நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. சங்கங்கள், கட்சி வித்தியாசம் இல்லாமல், எதிர்த்தன. மூணே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கொண்டாடிய முதல் மே தினத்துக்குச் சரியா நூறு வருஷம் கழித்து.

"வாரம் 48 மணி நேரம் மாறலையே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்று அன்னைக்கு நிறைய பேர் கேட்டாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை.

ஒரு தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 800 ரூபாய் என்று வச்சுக்கோங்க. மணிக்கு 100. ஒரு இயந்திரம் 24 மணி நேரமும் ஓடணும்.

மூணு ஷிஃப்ட், மூணு ஆள்: 2,400 ரூபாய்.

இதையே இரண்டு ஆளை வைத்து 12 மணி நேரம் ஓட்டினால்? 1948 சட்டத்தின் பிரிவு 59 ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி என்றது. ஆறு நாளும் எட்டு மணி நேரம் பார்ப்பவருக்குக் கூடுதல் ஒவ்வொரு மணியும் 48-ஐத் தாண்டிய கணக்கில் வந்துடும். 800 ரூபாய் கூலி, அதோடு நாலு மணி நேரத்துக்கு 200 வீதம் 800. ஆளுக்கு 1,600, இரண்டு ஆளுக்கு 3,200.

அதாவது மூணாவது ஆளை வேலைக்கு எடுப்பதை விட, இருக்கும் இரண்டு பேரைப் பிழிவது 800 ரூபாய் அதிகச் செலவு. அதனால் ஒழுங்கா கணக்குப் பார்க்கும் எந்த மேனேஜரும் மூணாவது ஆளை எடுப்பார். அந்த "டபுள்" வெறும் போனஸ் மாதிரி இல்லை. எட்டு மணி நேரத்தைச் சுற்றிப் போட்ட வேலி அது. இன்னொருத்தனுக்கு வேலை கிடைப்பதும் அந்த வேலியால்தான்.

இப்போ அந்த வேலியை எடுத்துடுங்க. கூடுதல் நாலு மணி நேரத்துக்குச் சாதாரணக் கூலிதான் என்றால் ஆளுக்கு 1,200, இரண்டு ஆளுக்கு 2,400. மூணு ஆள் செலவும் இரண்டு ஆள் செலவும் ஒன்றாகிடுச்சு. ஆனால் மூணாவது ஆளின் பி.எஃப், இ.எஸ்.ஐ, பஸ், கேன்டீன், லீவு எல்லாம் மிச்சம். மூணாவது ஆள் காலி. நாலு நாள் வேலை என்ற ஏற்பாட்டிலும், ஒரு நாளில் ஒன்பதாவது மணிக்கு மேல் உழைத்ததற்குக் கிடைக்க வேண்டிய டபுள் காணாமல் போகும்.

🔴 சட்டம் இருந்தும் வேலி உடையும் விதம்

சட்டத்தை மாற்றாமலேயே இதைச் செய்யலாம். எப்படித் தெரியுமா? உங்க சம்பளச் சீட்டை எடுங்க.

1948 சட்டத்தின் பிரிவு 59-ல் இரண்டு மடங்கு என்பது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமாக இருக்கவில்லை. அடிப்படைச் சம்பளமும் படிகளும் சேர்ந்த தொகைக்கு இருந்தது. போனஸும் ஓவர்டைம் பணமும்தான் அதில் சேரவில்லை. ஆனால் பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் டபுள் போட்டுடுவாங்க. மேலே சொன்ன 800-ல் அடிப்படை 400 என்றால், மணிக்கு 50, டபுள் போட்டால் 100. சீட்டில் "டபுள் ஓ.டி." என்றுதான் இருக்கும். கைக்கு வருவது சிங்கிள். வேலி இருக்கிற மாதிரி தெரியும், இருக்காது.

இன்னொரு வழி, ஓவர்டைம் நேரத்தை வேறு தலைப்பில் கொடுப்பது. "இன்சென்டிவ்", "அட்டென்டன்ஸ் அலவன்ஸ்" என்று வந்தால் அது மணிக்கணக்கில் சேராது. பஞ்ச் நேரம் ஒன்று, பதிவேட்டில் உள்ள நேரம் இன்னொன்று என்றால் சந்தேகமே வேண்டாம். ஷிஃப்ட் நேரங்களை எழுதி ஆலையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டணும் என்று 1948 சட்டமே சொன்னது. அந்த நோட்டீஸில் உள்ள நேரத்தையும் உங்க பஞ்ச் நேரத்தையும் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்க. மணிக்கு எவ்வளவு வந்திருக்கு என்று வகுத்துப் பாருங்க. நாலாம் வகுப்புக் கணக்குதான்.

தனி ஆளா போய் இதைக் கேட்டால் என்ன நடக்கும் என்பது கான்ட்ராக்டில் இருப்பவருக்குத் தெரியும். அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்க மாட்டாங்க. பத்து பேர் கணக்கைச் சேர்த்து சங்கத்தின் பெயரில் கேட்டால் அது தொழில் தகராறு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் 1920-ல் பெரம்பூரில் அவ்வளவு நடந்தது.

2019-லும் 2020-லும் நாடாளுமன்றம் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை நாலு தொகுப்புகளாகச் சுருக்கியது. இதில் 1926 சட்டமும் அடக்கம், 1948 சட்டமும் அடக்கம். ஸ்ட்ரைக் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம் என்கிறது அதில் ஒன்று. முன்னாடி அந்த மாதிரி முன்னறிவிப்பு கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் இருந்தது. இதைப் படிக்கும்போது மூணே கேள்வி கேளுங்க. சங்கம் பேரம் பேச வழி இருக்கா? உச்ச நேரம் எவ்வளவு, யார் அதை மாற்றலாம்? ஓவர்டைம் டபுள் எந்தத் தொகைக்கு? இந்த மூணுக்கும் பதில் தெரிந்தால் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிஞ்சுடும்.

பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. ஆனால் அந்த மில் தொழிலாளி கேட்ட கேள்வி இன்னைக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் நைட் ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கிட்டு போகுது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வரும் நேரம் அவனுடையது. அதைக் கொடுக்கிறானா, விற்கிறானா, என்ன விலைக்கு என்பதை அவன்தான் சொல்லணும். சேர்ந்து சொன்னால்தான் கேட்கும்.

ஆலையில் வேலை பார்க்கும் உங்க அண்ணன், தம்பி, அக்காவுக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. சம்பளச் சீட்டில் ஓ.டி. கணக்கு எப்படிப் போட்டிருக்கு என்று பார்த்துட்டு கமெண்டில் சொல்லுங்க. கம்பெனி பெயர், உங்க பெயர் எதுவும் போட வேண்டாம், கணக்கு மட்டும் போதும். சேர்ந்து பார்ப்போம்.

#எட்டுமணிநேரம் #வடசென்னை #தொழிலாளர்உரிமை #சிங்காரவேலர்